ஏழாம் இடம் சுத்தம் என்றால் போதுமா?

பொருத்தம் பார்க்க வருகிற பெற்றோர் பலர் கேட்கிற முதல் கேள்வி, "ஏழாம் இடம் சுத்தமா இருக்கா?" என்பதுதான். கல்யாணத்தைக் காட்டும் அந்த வீட்டில் கிரகம் ஒன்றும் இல்லை என்றால் நிம்மதியாகிவிடுகிறார்கள். இன்னும் சிலருக்கு இதுவே பயம்: "காலியாக இருக்கே, கல்யாணமே நடக்காதோ?" இரண்டு பேருமே அந்தக் கட்டத்தோடு நின்றுவிடுகிறார்கள். பன்னிரண்டு வீடுகளுக்கு ஒன்பது கிரகங்கள்தான். ஆக, யார் ஜாதகத்திலும் குறைந்தது மூன்று வீடாவது காலியாகத்தான் இருக்கும். குத்தகைதாரர் இல்லாத நிலத்துக்கும் பட்டாதாரர் உண்டு இல்லையா, அதுபோல அந்த வீட்டின் அதிபதியைத்தான் தேட வேண்டும்.

சமீபத்தில் பார்த்த இரண்டு பெண்களின் ஜாதகங்களைச் சொல்கிறேன். இருவருக்கும் விருச்சிக லக்னம். ஏழாம் வீடு ரிஷபம், இருவருக்கும் காலி. அதிபதி சுக்கிரன்.

முதல் பெண்ணுக்குச் சுக்கிரன் தன் சொந்த வீடான துலாத்தில் ஆட்சி. சூரியனை விட்டு நன்றாகத் தள்ளி இருப்பதால், சூரிய ஒளியில் பலம் மங்கும் அஸ்தங்கமும் இல்லை. பலம் குறைவில்லை. ஆனால் துலாம் லக்னத்துக்குப் பன்னிரண்டு. ரிஷபத்திலிருந்து எண்ணினால் ஆறு. இரண்டுமே விலகலைக் காட்டும் மறைவிடங்கள். கணவர் நல்லவராக அமைவார், பிரிந்திருக்கும் காலமும் உண்டு என்றுதான் இதைப் படிக்க வேண்டும். மகரத்தில் இருக்கும் குரு ஐந்தாம் பார்வையாக ரிஷபத்தைப் பார்ப்பதால் பிரிவு மனக்கசப்பாக மாறாது. குரு தசையில் சுக்கிர புக்தி 2 வருடம் 8 மாதம். கல்யாணம் அதற்குள் முடிந்தது. மாப்பிள்ளைக்குக் கப்பல் வேலை, வருடத்தில் பாதி நாள் கடலில்.

இரண்டாவது பெண்ணுக்குச் சுக்கிரன் கன்னியில் பலம் இழந்து நீசம். கூடவே புதன் உச்சம், அதனால் அந்தக் குறை நீங்கி நீசபங்கம். லக்னத்துக்குப் பதினொன்று என்பதால் வரன் நண்பர், தெரிந்தவர் வழியாக வர இடமுண்டு. ஆனால் புதன் எட்டுக்கும் அதிபதி. பேசி முடிக்கும் நேரத்தில் ஏதாவது தடங்கல் வந்து தாமதமாகும், அப்புறம்தான் கூடிவரும். ஒரே லக்னம், ஒரே காலி வீடு; பலன் வேறு வேறு.

காலி வீட்டுக்குப் பரிகாரம் என்று யாராவது ஆயிரக்கணக்கில் கேட்டால், "அதிபதி எங்கே இருக்கிறார், யார் பார்க்கிறார்கள்?" என்று திருப்பிக் கேளுங்கள். பதில் வரவில்லை என்றால் எழுந்து வந்துவிடலாம்.

ஒன்று மட்டும் கவனம். லக்னம் ஏறக்குறைய இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை மாறும். பிறந்த நேரம் இரண்டு லக்னங்கள் சேரும் சந்தியில் விழுந்து லக்னம் தனுசு ஆகிவிட்டால், ஏழாம் வீடு மிதுனம், அதிபதி புதன். மேலே படித்தது எதுவும் பொருந்தாது. அதேபோல ராசிக் கட்டத்தில் காலியாகத் தெரிகிற வீட்டில், லக்னத்தின் பாகையை வைத்து வீடுகளைப் பிரிக்கும் பாவச் சக்கரம் போட்டால் பக்கத்து ராசியின் விளிம்பில் இருக்கும் கிரகம் வந்து உட்காரலாம். அதையும் பார்த்துவிட்டுத்தான் வீடு காலி என்றே நான் சொல்வேன்.