துண்டு: ‘டோக்கன்’ என்ற சொல்லும் பாதியில் நின்ற பதிலும்

கிளிநொச்சிப் பக்கத்துக் கமக்கார அமைப்பு ஒன்றின் செயலாளர் சென்ற பெரும்போகத்தில் எனக்கு ஒரு கைத்தொலைபேசிப் படம் அனுப்பினார். நெல்லில் கபிலநிறத் தத்தி விழுந்தால் என்ன செய்வது என்று கேட்டவருக்கு, அவருடைய மகன் செயற்கை நுண்ணறிவு மாதிரி ஒன்றோடு இணைத்து எழுதிய சிறு மென்பொருள் பதில் சொல்லியிருந்தது. அதன் கடைசி வரி இது: “வயலில் நிற்கும் நீரை வடித்துவிட்டு, யூரியா இடுவதை நிறுத்திய பின”. அதற்குப் பிறகு ஒன்றும் இல்லை. “பின்” என்ற சொல்லுக்குப் புள்ளிகூட விழவில்லை. “ஏன் தம்பி, ஆங்கிலத்தில் கேட்டால் முழுவதும் சொல்கிறது, தமிழில் கேட்டால் வாயை மூடிக்கொள்கிறது?” என்று கேட்டார். டோக்கன் முடிந்துவிட்டது என்றேன். “வைத்தியசாலையில் எடுக்கிற டோக்கனா?” என்றார்.

அந்தக் கேள்வியில் அவர் நினைத்ததைவிட அதிகம் இருக்கிறது.

டோக்கன் (நம் பக்கத்தில் ரோக்கன் என்று எழுதுவோரும் உண்டு) பழைய ஆங்கிலச் சொல். அதன் முதற்பொருள் அடையாளம், குறி. காட்டுதல் என்ற வேரிலிருந்து வந்தது. கற்பித்தலைக் குறிக்கும் ஆங்கில வினையும் அதே வேரில் கிளைத்ததுதான். குறியாக நிற்கும் பொருளுக்கும் பின்னர் அதே பெயர் வந்தது. 17ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் சில்லறைத் தட்டுப்பாட்டின்போது வணிகர்கள் தாங்களே அடித்துக்கொண்ட செப்புக் காசுகள் டோக்கன்கள். 19ஆம் நூற்றாண்டு இலங்கையில் கோப்பிக் கம்பனிகள் தொழிலாளர் கூலிக்காக வெளியிட்ட செப்பு வில்லைகளும் அவைதான். வெளிநோயாளர் பிரிவில் தரும் இலக்கச் சீட்டு இந்தக் குடும்பத்தின் கடைசிப் பிள்ளை.

1906இல் அமெரிக்கத் தத்துவவாதி சார்ள்ஸ் பேர்ஸ் இதற்கு வேறொரு பொருள் கொடுத்தார். ஒரு பக்கத்தில் ‘குளம்’ என்ற சொல் ஏழு முறை வந்தால், சொல் ஒன்று, அதன் தோற்றங்கள் ஏழு. அந்தத் தோற்றம் ஒவ்வொன்றும் ஒரு டோக்கன் என்றார். கணினி மொழிகளை எழுதியவர்களும் பின்னர் மொழியைக் கணினியில் ஆராய்ந்தவர்களும் உரையைப் பிரித்தெடுக்கும் அலகுகளுக்கு இந்தப் பெயரையே வைத்துக்கொண்டார்கள். இன்றைய மொழி மாதிரிகளில் அது இன்னும் தேய்ந்துவிட்டது. இப்போது டோக்கன் என்பது அடையாளமும் அன்று, சொல்லும் அன்று. மாதிரி ஒரே விழுங்கில் உள்ளே எடுக்கிற, ஒரே மூச்சில் வெளியே விடுகிற ஒரு வெட்டு. அது சில வேளை முழுச்சொல்லாக இருக்கும். சில வேளை ஓர் எழுத்தின் மூன்றில் ஒரு பங்காக இருக்கும்.

எழுத்தின் பங்கு என்றதும் வியப்பாக இருக்கும். கணினி எழுத்தைச் சேமிக்கும் முறையைப் பார்த்தால் புரிந்துவிடும்.

```python
s = "குளம்"
print(len(s), len(s.encode("utf-8")))   # 5 15
```

நமக்குக் குளம் என்பது கு, ள, ம் என்று மூன்று எழுத்து. ஒருங்குறிக்கு அது ஐந்து: க, உகரக் குறி, ள, ம, புள்ளி. இணையத்தில் வழங்கும் UTF-8 முறையில் இந்த ஐந்தில் ஒவ்வொன்றும் மூன்று பைட்டு. ஆக மொத்தம் பதினைந்து. ஆங்கில எழுத்துக்கு ஒன்றுக்கு ஒரு பைட்டுத்தான். குளத்துக்கான ஆங்கிலச் சொல் நான்கு பைட்டில் அடங்கிவிடும்.

பைட்டுக் கணக்கோடு கதை முடிந்தால் எல்லா மாதிரியிலும் தமிழ் ஒரே அளவில் வீங்கியிருக்கும். அப்படி நடப்பதில்லை, ஏனென்றால் பைட்டுகளை மறுபடியும் ஒட்டுகிறார்கள். 1994இல் பிலிப் கேஜ் என்பவர் கோப்புகளைச் சுருக்குவதற்காக வெளியிட்ட உத்தி அது. அருகருகே அதிகமாக வரும் இரண்டைப் பிடி, ஒன்றாக ஒட்டு, அதற்குப் புதுக்குறி வை, திரும்பவும் தேடு. 2019இல் வந்த ஜி.பி.டி-2 மாதிரிக்கு இந்த ஒட்டுவேலையை 50,000 முறை செய்து 50,257 துண்டுகள் கொண்ட பட்டியல் ஒன்றை ஆக்கினார்கள். எந்த உரையில் தேடுகிறோமோ அந்த உரைக்குத்தான் ஒட்டு விழும். தேடிய உரை பெரிதும் ஆங்கிலம். ஆகவே பழக்கமான ஆங்கிலச் சொற்கள் முழுதாக ஒட்டிப் பட்டியலில் ஏறின; தமிழ் பைட்டுகள் பெரும்பாலும் உதிரியாகக் கிடந்தன.

இதற்கு மேல் இன்னொரு கோளாறு இருந்தது. அதிகம் பேசப்படாதது, எனக்கோ மிகவும் எரிச்சல் தருவது. ஒட்டுவதற்கு முன் உரையைச் சொற்களாகப் பிரிக்க ஒரு விதி வைக்கிறார்கள். ஜி.பி.டி-2இன் விதி, எழுத்துகள் தொடர்ச்சியாக வந்தால் ஒரு கட்டு, எண்கள் வந்தால் ஒரு கட்டு, மற்றவை தனிக்கட்டு என்று பிரித்தது. ஒருங்குறியில் க, ள, ம ஆகியவை ‘எழுத்து’ வகை. உகரக் குறியும் புள்ளியுமோ ‘குறி’ வகை. எனவே அந்த விதியின் கண்ணில் அவை எழுத்தே அல்ல. காற்புள்ளியும் கேள்விக்குறியும் இருக்கும் கூட்டத்தில் போய் நின்றன. மெய்யின் இயல்பே புள்ளியோடு நிற்பது என்கிறது தொல்காப்பியம். இந்த விதி புள்ளியைப் பிடுங்கி வெளியே வைத்தது. குளம் இப்படி வெட்டுப்பட்டது:

```
க | ு | ளம | ்
```

கட்டுகளுக்குக் குறுக்கே ஒட்டுவது கிடையாது. ஆகவே எவ்வளவு தமிழ் உரையைக் கொடுத்துப் பயிற்றினாலும் இந்தச் சொல் நான்கு டோக்கனுக்குக் கீழே இறங்கவே முடியாது. செயலாளருக்கு வந்த “பின” ஏன் அந்த இடத்தில் நின்றது என்பதும் இதனால் விளங்கும். அவர் மகன் பயன்படுத்தியது பழைய பிரிப்பு விதியின் வழிவந்த மாதிரி. அங்கே புள்ளி தனி டோக்கன். அதற்கு முந்தியதோடு கணக்கு முடிந்துவிட்டது.

2024 மே மாதம் ஜி.பி.டி-4ஓ மாதிரியோடு வந்த பட்டியல் சுமார் இரண்டு இலட்சம் துண்டுகள் கொண்டது. அதன் பிரிப்பு விதி குறிகளையும் சொல்லோடு சேர்த்துக்கொள்கிறது. அப்போது ஓபன்ஏஐ நிறுவனம் ஒரே அறிமுக வாசகத்தைப் பல மொழிகளில் எண்ணிக் காட்டியது. தமிழ் 116இலிருந்து 35ஆகக் குறைந்தது. ஆங்கிலம் 27இலிருந்து 24ஆனது. பெரிய முன்னேற்றம்தான், ஆனாலும் சமம் இல்லை. தமிழ் ஒட்டு மொழியாக இருப்பதும் அதற்கு ஒரு காரணம். ‘குளம்’ முழுதாகப் பட்டியலில் ஏறிவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். ‘குளத்திலிருந்து’ என்று எழுதினால் அந்த ம் மறைந்துவிடுகிறது, ஏறிய துண்டு உதவாது. ஒரு பெயர் வேற்றுமைதோறும் வேறு வடிவம் எடுக்கும்போது பட்டியல் எத்தனையைத்தான் தாங்கும்?

இப்போது வெட்டுக்கு வருவோம். மாதிரியை அழைக்கும் மென்பொருளில் `max_tokens` என்று ஓர் உச்சவரம்பு இருக்கும்; பதில் எத்தனை டோக்கன் வரை போகலாம் என்பது அது. பலர் ஆங்கில எடுத்துக்காட்டிலிருந்து அதை அப்படியே பிரதி எடுக்கிறார்கள். வரம்பு 500, ஆங்கிலப் பதிலுக்கு வேண்டியது 400 என்று கொள்வோம். மேலே சொன்ன ஒற்றை வாசகத்தின் விகிதத்தைத் தோராயமாக எடுத்தால், அதே பதில் தமிழில் பழைய பட்டியலில் 1,700 டோக்கன் கேட்கும். மூன்றில் ஒரு பங்கு வருமுன் நின்றுவிடும். புதிய பட்டியலில் ஏறக்குறைய 583. அங்கும் முடிவுப் பகுதி போய்விடும், அதுதான் கூடுதல் ஆபத்து: பெரும்பாலும் வந்துவிட்டதால், விடுபட்டதை யாரும் கவனிக்கமாட்டார்கள்.

வரம்பைக் குறைத்தால் பதில் சுருங்கி வரும் என்று நினைப்பது பொதுவான தவறு. அந்த எண் பொதுவாக மாதிரிக்குத் தெரிவதில்லை. அது தன் பாட்டுக்கு எழுதிக்கொண்டே போகும். வெளியிலிருந்து கத்தி விழும். சுருக்கம் வேண்டுமானால் கேள்வியிலேயே “ஐந்து வாக்கியத்தில் சொல்” என்று கேட்க வேண்டும்.

வெட்டு விழுந்ததா, மாதிரி தானாக முடித்ததா என்பதை ஊகிக்க வேண்டியதில்லை. பதிலோடு வரும் தரவில் எழுதியிருக்கும்:

```
"finish_reason": "length"
```

தானாக முடித்திருந்தால் அங்கே `stop` என்று இருக்கும். சில நிறுவனங்களின் இடைமுகத்தில் இதே செய்தி `"stop_reason": "max_tokens"` என்று வரும். இரண்டும் வராமல் பதில் மட்டும் அறுந்திருந்தால் இணைப்பைச் சந்தேகிக்கலாம். ஒட்டுசுட்டானில் மழை நாளில் அதுவும் நடக்கும். தரவைப் பார்க்க முடியாதவருக்குத் திரையே சாட்சி: கடைசிச் சொல் புள்ளியில்லாமல் நிற்கும், அல்லது எழுத்தின் மூன்று பைட்டுக்கு நடுவே வெட்டு விழுந்து � என்ற குறி தெரியும்.

தமிழில் இதை என்னவென்று சொல்வது? ‘அடையாளம்’ முதற்பொருளோடு நின்றுவிடுகிறது. இந்த வெட்டு எதற்கும் அடையாளம் இல்லை. ‘வில்லை’ காசுக்கும் மாத்திரைக்கும் பொருந்தும். ‘சொற்கூறு’ நன்றாக ஒலிக்கிறது, ஆனால் கூறு என்றால் பொருளுள்ள பகுதி என்று தோன்றும். ‘ளம’ எதன் கூறு? ‘அசை’க்கு யாப்பில் திட்டமான இலக்கணம் உண்டு, அதை இங்கே இழுக்கக்கூடாது.

என் தேர்வு ‘துண்டு’. வன்னியில் வைத்தியசாலை வாசலில் “துண்டு எடுத்துவிட்டீர்களா?” என்றுதான் கேட்பார்கள், இலக்கச் சீட்டுக்கு அதுவே பெயர். வெட்டி எடுத்த பகுதிக்கும் அதுவே பெயர். ஆங்கிலச் சொல் சீட்டிலிருந்து வெட்டுக்கு வர நெடுங்காலம் நடந்த வழியை நம் சொல் நின்ற இடத்திலேயே வைத்திருக்கிறது. ஐயம் வரும் இடத்தில் ‘உரைத்துண்டு’ எனலாம். வெட்டும் வேலை ‘துண்டாக்கம்’, உச்சவரம்பு ‘துண்டு வரம்பு’. தமிழ்நாட்டு வாசகருக்குத் தோளில் போடும் துண்டு நினைவுக்கு வரும் என்று ஒரு நண்பர் சிரித்தார். வரட்டும், அதுவும் வெட்டியதுதானே.

செயலாளரின் மகனிடம் வரம்பு என்ன என்று கேட்டேன். 300 என்றார். ஐந்து நடவடிக்கைகள் கேட்டிருந்தார்கள். வெட்டு விழுமுன் வந்தவை இரண்டு. ஒன்றுக்கு 150 துண்டு என்றால் ஐந்துக்கு 750, கையிருப்போடு 900 என்று மாற்றச் சொன்னேன். அத்தோடு `length` என்று வந்தால் பதிலைக் கமக்காரருக்கு அனுப்பாமல் நிறுத்திவைக்கும் ஒரு வரியையும் சேர்த்தார். அடுத்த முறை ஐந்தும் வந்தன. மூன்றாவது, தத்தியைத் தின்னும் சிலந்திகள் வயலில் இருக்கும்வரை மருந்து அடிக்க அவசரப்பட வேண்டாம் என்பது. முதற்பதிலில் விடுபட்டுப் போனது அதுதான்.