தலசீமியா ரிப்போர்ட்டில் ஒரு வரி: ஜீனோம் பிரவுசரில் அதைக் கண்டுபிடிப்பது எப்படி

`HBB:c.92+5G>C`, ஹெட்டிரோசைகஸ்.

பாலக்கோட்டிலிருந்து எங்கள் கல்லூரிக்கு வரும் ஒரு மாணவி தன் அண்ணனின் ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டைக் காட்டினாள். அதில் இருந்த வரி இது. மரபணுவின் இரண்டு நகல்களில் ஒன்றில் மட்டும் மாற்றம் இருப்பதைத்தான் ஹெட்டிரோசைகஸ் என்கிறார்கள். அண்ணனுக்கு மாமன் மகளைப் பேசி வைத்திருக்கிறார்கள். தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் சொந்தத்தில் பெண் எடுப்பது சகஜம். ஒரே தாத்தா பாட்டியிடமிருந்து ஒரே மாற்றம் இருவருக்கும் வந்திருக்கக்கூடும், இருவரிடமிருந்தும் அது குழந்தைக்குப் போகக்கூடும் என்பதால், இந்த மாதிரி வரி இங்கே பல குடும்பங்களுக்கு முக்கியமாகிவிடுகிறது. "சார், ஜீன்ல தப்பு இருக்குன்னு எழுதியிருக்காங்க. ஆனா பிரவுசர்ல பார்த்தா அந்த இடத்துல பெட்டியே இல்ல, வெறும் கோடுதான் இருக்கு. அப்ப ஒண்ணும் ஆகாதுதானே?" என்று கேட்டாள். நல்ல கேள்வி. அதற்குப் பதில் சொல்ல வேண்டுமானால், ஜீனோம் பிரவுசரில் ஒரு மரபணுவின் படத்தை எப்படிப் படிப்பது என்பதிலிருந்தே தொடங்க வேண்டும்.

`genome.ucsc.edu` என்ற தளத்துக்குப் போய், மனித ஜீனோமில் `GRCh38/hg38` பதிப்பைத் தேர்ந்தெடுத்து, தேடும் இடத்தில் இதை அப்படியே தட்டுங்கள்:

```
chr11:5,225,464-5,227,071
```

11ஆம் குரோமோசோமில் 1,608 எழுத்து நீளமுள்ள இந்தத் துண்டுதான் HBB. ஹீமோகுளோபினின் பீட்டா சங்கிலியைச் செய்யச் சொல்லும் மரபணு இது. இந்தச் சங்கிலி போதுமான அளவு உருவாகாத பரம்பரை ரத்த நோய்தான் பீட்டா தலசீமியா. திரையில் எக்ஸான் எனப்படும் மூன்று பெட்டிகளும் அவற்றை இணைக்கும் மெல்லிய கோடுகளும் தெரியும். கோட்டின் மேல் சின்னச் சின்ன அம்புக்குறிகள் இருக்கும். முதலில் அவற்றைப் பாருங்கள். எல்லாம் இடப்பக்கம் நோக்கியிருக்கும். டிஎன்ஏவின் இரண்டு இழைகளில் எதிர் இழையில் இந்த மரபணு எழுதப்பட்டிருக்கிறது, அதனால் இதை வலமிருந்து இடமாகப் படிக்க வேண்டும் என்று அர்த்தம். கிருஷ்ணகிரியிலிருந்து தருமபுரிக்குப் போகும்போது ஒரு திசையில் மாறிக்கொண்டே போகும் கிலோமீட்டர் கல் எண்கள், திரும்பி வரும்போது அதற்கு நேர்மாறாக மாறும். இதுவும் அப்படித்தான். குரோமோசோமின் எண்கள் இடமிருந்து வலமாக ஏறுகின்றன. மரபணுவோ வலது ஓரத்தில், பெரிய எண்ணில் தொடங்கி, சின்ன எண்ணை நோக்கி நகர்கிறது. ஆகவே முதல் எக்ஸான் வலது ஓரத்துப் பெட்டி. புதிதாகப் பார்ப்பவர்கள் பெரும்பாலும் இடது ஓரத்துப் பெட்டியை முதல் எக்ஸான் என்று நினைத்துக்கொள்கிறார்கள்.

அடுத்தது பெட்டிகளின் தடிமன். வலது ஓரத்துப் பெட்டியை உற்றுப் பார்த்தால் அதன் தொடக்கம் ஒல்லியாகவும் மீதி தடித்தும் இருக்கும். இடது ஓரத்துப் பெட்டியில் முதலில் தடித்த பகுதி, பிறகு ஒல்லியான பகுதி. நடுப்பெட்டி முழுக்கத் தடிமன். தடித்தது என்றால் எக்ஸான், ஒல்லியானது என்றால் எக்ஸான் இல்லை என்று பலர் எடுத்துக்கொள்கிறார்கள். அது சரியில்லை. ஒல்லியாக இருந்தாலும் தடித்து இருந்தாலும் பெட்டி என்றால் எக்ஸான்தான். கோடு மட்டுமே இன்ட்ரான். செல் முதலில் இந்த 1,608 எழுத்துகளையும் ஆர்என்ஏவாக நகலெடுக்கிறது. அப்புறம் கோடாகத் தெரியும் இரண்டு இன்ட்ரான்களை, அதாவது 130 எழுத்தையும் 850 எழுத்தையும், வெட்டி எறிந்துவிட்டு மூன்று பெட்டிகளையும் ஒட்டுகிறது. இந்த வேலைக்கு ஸ்ப்ளைசிங் என்று பெயர். மிஞ்சுவது 628 எழுத்து. ஆனால் அந்த 628-லும் எல்லாமே புரதமாவதில்லை. முதல் 50 எழுத்தும் கடைசி 134 எழுத்தும் ஆர்என்ஏவில் இருக்கும், புரதமாக மொழிபெயர்க்கப்படாது. இவைதான் யூடிஆர் என்று சொல்லப்படும் ஒல்லியான பகுதிகள். நடுவில் உள்ள 444 எழுத்துதான் மும்மூன்றாகப் படிக்கப்பட்டு அமினோ அமிலங்களாகிறது. என்செம்பிள் என்ற இன்னொரு பிரவுசரில் இதே விஷயத்தை உள்ளே நிறம் நிரப்பிய பெட்டி, நிரப்பாத பெட்டி என்று காட்டுவார்கள்.

இப்போது ரிப்போர்ட்டுக்கு வருவோம். `c.` என்றால் அந்த 444 எழுத்தின் கணக்கில் எண்ணுகிறோம் என்று பொருள். புரதம் தொடங்கும் ATG-யின் A தான் 1. முதல் எக்ஸானின் நீளம் 142. அதில் 50 யூடிஆர். மிச்சம் 92. ஆக, 92 என்பது முதல் பெட்டியின் கடைசி எழுத்து. `+5` என்றால் அதைத் தாண்டி இன்ட்ரானுக்குள் ஐந்தாவது எழுத்து. குரோமோசோம் எண்ணில் சொன்னால், முதல் எக்ஸான் 5,226,930-இல் முடிகிறது. அங்கிருந்து ஐந்து எழுத்து இறங்கினால் 5,226,925. மாணவி பார்த்தது சரிதான். அந்த இடத்தில் கோடுதான் இருக்கிறது.

அந்த எண்ணுக்குப் போய், எழுத்து தெரியும் அளவுக்குப் பெரிதாக்கினால் திரையில் இப்படித் தெரியும்:

```
GATACCAACCTGCC
```

ரிப்போர்ட்டில் G என்று இருக்க, இங்கே 5,226,925-இல் C நிற்கும். பயப்பட வேண்டாம். பிரவுசர் காட்டுவது முன்னோக்கிய இழை. மரபணு இருப்பது அதன் எதிர் இழை. ஒன்றில் C இருந்தால் மற்றதில் G. படத்துக்குக் கீழே உள்ள `reverse` பொத்தானை அழுத்திப் படத்தைத் திருப்பினால் மரபணுவின் திசையிலேயே படிக்கலாம். எக்ஸான் முடியும் இடத்தில் நான் ஒரு செங்குத்துக் கோடு போட்டிருக்கிறேன்:

```
GTGAGGCCCTGGGCAG|GTTGGTATC
```

கோட்டுக்கு வலப்பக்கம் இன்ட்ரான். அது GT என்று தொடங்குகிறது. ஏறக்குறைய எல்லா இன்ட்ரான்களும் அப்படித்தான் தொடங்கும். ஆனால் வெட்டும் இயந்திரத்துக்கு அந்த இரண்டெழுத்து மட்டும் போதாது. யூ1 என்ற சிறு ஆர்என்ஏ, எக்ஸானின் கடைசி சில எழுத்துகளோடும் இன்ட்ரானின் முதல் ஆறெழுத்தோடும் ஜோடி சேர்ந்துதான் "இங்கே வெட்டு" என்று இடம் குறிக்கிறது. அந்த ஆறில் ஐந்தாவது G முக்கியமான பிடி. அது C ஆகிவிட்டால் GTTGGT என்பது GTTGCT ஆகிறது. பிடி தளர்ந்துவிடுகிறது.

பிடி தளர்ந்தால் வெட்டு நின்றுவிடுவதில்லை, இடம் மாறுகிறது. மேலே இருக்கும் வரிசையின் தொடக்கத்தைப் பாருங்கள். GTGAGG. அதுவும் இன்ட்ரான் தொடங்கும் இடம் போலவே இருக்கிறது. சரியான இடம் உறுதியாக இருக்கும்வரை யாரும் அதைத் தேடிப் போவதில்லை. அது தளர்ந்ததும் இயந்திரம் இங்கே வெட்ட ஆரம்பிக்கிறது. எக்ஸானின் கடைசி 16 எழுத்தும் இன்ட்ரானோடு சேர்ந்து போய்விடுகிறது. 16 மூன்றால் வகுபடாது. எனவே அதற்குப் பிறகு மும்மூன்றாகப் படிக்கும் கணக்கே குலைந்து, பீட்டா சங்கிலி வராமல் போகிறது. இதுபோல இன்னும் இரண்டு மறைவான வெட்டுமிடங்களும் விழித்துக்கொள்கின்றன. சரியான இடத்தில் வெட்டுவதும் கொஞ்சம் நடக்கத்தான் செய்கிறது, ஆனால் போதுமான அளவு இல்லை. பீட்டா தலசீமியாவை உண்டாக்கும் மாற்றங்களில் இந்தியாவில் மிக அதிகமாகக் காணப்படுவது இதுதான். புரதத்தில் ஒரு எழுத்துகூட எழுதாத கோட்டில் அது உட்கார்ந்திருக்கிறது.

யூடிஆர் பகுதியையும் இதேபோலக் கவனிக்க வேண்டும். ஒல்லியான பெட்டியின் முதல் எழுத்து, 5,227,071. அங்கே A இருக்க வேண்டிய இடத்தில் C வந்தால் அது `c.-50A>C`. ஆர்என்ஏ தொடங்கும் எழுத்தே மாறிவிடுகிறது. புரதத்தின் அமைப்பு மாறாது, அளவு மட்டும் கொஞ்சம் குறையும். இந்தியர்களிடம் காணப்படும் மாற்றம் இது. மிக லேசானது என்பதால் இதைச் சுமப்பவர்களின் ரத்தத்தில் HbA2 என்ற ஹீமோகுளோபின் வகையின் அளவு எல்லையிலேயே நின்றுவிடலாம். வழக்கமாக 3.5 சதவீதத்துக்கு மேல் போனால் கேரியர் என்று சந்தேகிப்பார்கள். ஆகவே, மாப்பிள்ளைக்கு `c.92+5G>C` இருந்து பெண்ணுக்கு HbA2 எல்லையில் நின்றால், பெண்ணின் HBB-யைத் தடித்த பெட்டிகளோடு நிறுத்தாமல் யூடிஆர், இன்ட்ரான் ஓரங்கள் வரை வரிசைப்படுத்தச் சொல்வதே நியாயம். மறுமுனையிலும் இதே கதைதான். ஆர்என்ஏவுக்கு வால் சேர்க்கச் சொல்லும் AATAAA என்ற எழுத்துகள் கடைசி யூடிஆரில்தான் இருக்கின்றன. அதில் ஒரு எழுத்து மாறினாலும் தலசீமியா வரலாம்.

இவ்வளவும் ஒரே ஒரு டிரான்ஸ்கிரிப்டை, அதாவது மரபணுவின் ஒரே ஒரு ஆர்என்ஏ வடிவத்தை, வைத்துச் சொன்னது. பிரவுசரில் GENCODE என்ற மரபணுப் பட்டியலின் தடத்தை விரித்தால் HBB-க்குக் கீழே இன்னும் சில வரிகள் வரும். ஒரே மரபணுவைச் செல் வேறு வேறு இடத்தில் தொடங்கியோ, வேறு விதமாக ஒட்டியோ, இன்ட்ரானை வெட்டாமல் விட்டோ நகலெடுத்திருப்பதற்கான தடயங்கள் அவை. வரி இருக்கிறது என்பதாலேயே அதிலிருந்து பயனுள்ள புரதம் வருகிறது என்று ஆகாது. எதை வைத்து எண்ணுவது? MANE Select என்ற குறி உள்ள வரியை. அமெரிக்காவின் என்சிபிஐயும் ஐரோப்பாவின் என்செம்பிள் குழுவும் சேர்ந்து ஒரு மரபணுவுக்கு ஒன்று என்று ஒத்துக்கொண்ட வரி அது. HBB-க்கு அது `NM_000518.5`. ரிப்போர்ட்டில் `c.` எண்ணுக்கு முன்னால் இந்த மாதிரி ஒரு எண் இருந்தே ஆக வேண்டும். அது இல்லாவிட்டால் 92 என்பது எதிலிருந்து எண்ணிய 92 என்றே தெரியாது.

HBB-யில் இதனால் பெரிய குழப்பம் வராது. 9ஆம் குரோமோசோமில் இருக்கும் CDKN2A-வில் வரும். அங்கே இரண்டு வரிகள் வேறு வேறு முதல் எக்ஸானில் தொடங்கி, இரண்டாவது எக்ஸானைப் பங்கிட்டுக்கொள்கின்றன. ஆனால் அதைப் படிக்கும் சட்டகம் வேறு. அதே எழுத்துகளை ஒரு இடம் தள்ளி மும்மூன்றாகப் படித்தால் கிடைப்பது முற்றிலும் வேறு புரதம். ஒன்று p16, மற்றது p14ARF. இரண்டும் புற்றுநோயைத் தடுப்பவை. இரண்டாவது எக்ஸானில் ஒரு எழுத்து மாறினால் p16-இல் அமினோ அமிலம் மாறி p14ARF-இல் மாறாமலும் இருக்கலாம், இதற்கு நேர்மாறாகவும் இருக்கலாம். அந்த மரபணுவில் ஒரு வரியை மட்டும் பார்த்து முடிவு சொல்வது ஆபத்து.

கடைசியாக, அடிக்கடி நடக்கும் ஒரு தவறு. பழைய ரிப்போர்ட்டுகளில் `hg19` பதிப்பின் எண்கள் இருக்கும். அதில் இதே மாற்றம் நிற்கும் இடம் 5,248,155. இந்த எண்ணை அப்படியே `hg38`-இல் தட்டினால் பிரவுசர் எந்த எச்சரிக்கையும் தராது. கருவில் வேலை செய்யும் காமா குளோபின் மரபணுக்களின் பக்கத்தில் கொண்டுபோய் நிறுத்திவிடும். அவையும் ஹீமோகுளோபின் மரபணுக்கள்தான், அவற்றிலும் மூன்று எக்ஸான்கள்தான் என்பதால் தவறு கண்ணில் படாது. எனவே எண்ணை மட்டும் நம்பக் கூடாது. பெட்டிக்குப் பக்கத்தில் HBB என்று எழுதியிருக்கிறதா, படத்தைத் திருப்பினால் எக்ஸான் ஓரத்தில் `CAG|GTTGG` தெரிகிறதா, கோட்டிலிருந்து ஐந்தாவது எழுத்து G தானா என்று மூன்றையும் பார்த்த பிறகுதான் ரிப்போர்ட்டில் உள்ள மாற்றத்தை அந்த இடத்தில் பொருத்த வேண்டும்.