நன்றாக ஓடிய காணொளியை வேறு வடிவங்களுக்கு மாற்றும்போது எதைக் காப்பாற்ற வேண்டும்?

பாளையங்கோட்டையிலிருந்து சிறுதொழில் செய்வோருக்குக் காணொளிகள் தயாரித்துத் தருவது என் தொழில். அதிகம் பார்க்கப்பட்ட காணொளியின் ஒலியை மட்டும் பிரித்துப் பாட்காஸ்டாகவும், வசனத்தை அப்படியே தட்டச்சு செய்து கட்டுரையாகவும் வெளியிடும் வழக்கம் இங்கு பெருகிவருகிறது. அது ஏன் எடுபடுவதில்லை என்பதைப் பத்தமடைப் பாய் பற்றிய ஒரு காணொளியைக் கொண்டு விளக்கலாம்.

முதலில் பார்க்க வேண்டியது, யூடியூப் ஸ்டுடியோவில் பார்வையாளர்கள் எந்த நொடிவரை தங்கினார்கள் என்று காட்டும் வரைபடம். நெசவு செய்யும் அம்மா தடித்த பாயையும் மெல்லிய பாயையும் அருகருகே விரித்து, மெல்லியதை மட்டும் துண்டுபோல் மடித்துக் காட்டிய இடத்தில் கோடு மேலேறியிருந்தது. பலர் அதைத் திரும்பப் பார்த்திருக்கிறார்கள் என்பது அதன் பொருள். ஆனால் பேச்சு புரியாவிட்டாலும், திரையில் வந்த எழுத்து சட்டென்று மறைந்துவிட்டாலும் இதே ஏற்றம் வரும் என்பதால், கருத்துப் பகுதியையும் படித்த பிறகே முடிவுக்கு வர வேண்டும். அங்கே பலரும் கேட்டிருந்தது, "அது மட்டும் எப்படி மடியுது?" என்பதைத்தான். ஆக, காணொளியைத் தூக்கி நிறுத்தியது அந்த இரு பாய்களின் வேறுபாடு. பாட்காஸ்ட், கட்டுரை, இன்ஸ்டாகிராம் படத்தொகுப்பு ஆகிய மூன்று வடிவங்களிலும் அதுவே நிற்க வேண்டும்.

பாட்காஸ்டில் "இங்க பாருங்க" என்ற சொல்லுக்குப் பயனில்லை. அந்தப் பகுதியை மட்டும் புதிதாகப் பதிவு செய்து, கைக்கு எப்படி இருக்கிறது என்று அந்த அம்மாவையே கேட்டோம். "தடிச்சது வெறைச்சிக்கிட்டு நிக்கும், இத மடிச்சு மடியில வச்சுக்கிடலாம்லா" என்றார். படம் செய்த வேலையை அந்த ஒரு வாக்கியம் செய்துவிட்டது.

கட்டுரையில் வரிசையே மாறுகிறது. காணொளியில் விடையைத் தாமதித்தது ஆவலை வளர்த்தது. தேடுபொறி வழியாக வருபவரோ கேள்வியோடுதான் வருகிறார். ஆகவே, கோரையை நீரில் ஊறவைத்து எவ்வளவு மெல்லிய இழையாகக் கீறுகிறார்களோ அவ்வளவு எளிதாகப் பாய் மடியும் என்ற விடை முதல் பத்தியிலேயே வந்துவிட வேண்டும். நெசவு முறை பிறகு வரட்டும்.

இன்ஸ்டாகிராம் படத்தொகுப்புக்குக் காணொளியிலிருந்து படம் வெட்டுவதை நான் ஏற்பதில்லை. 1920×1080 அளவிலான சட்டத்தை 4:5 விகிதத்துக்கு வெட்டினால் 864 புள்ளி அகலமே மிஞ்சும். கை அசைவின் மங்கலும் சேர்ந்து கோரை இழை தெரியாமல் போகும். படப்பிடிப்பு நாளிலேயே தனியாகப் புகைப்படம் எடுத்துக்கொள்வது நல்லது. முதல் படத்தில் இரு பாய்களும், இரண்டாவதில் மடித்த பாயும், மூன்றாவதில் கீறிய இழையின் அண்மைக்காட்சியும் போதும்.

பாட்காஸ்டிலும் கேட்போர் எங்கே விலகுகிறார்கள் என்பதை ஸ்பாட்டிஃபை காட்டுகிறது. பாய் மடிக்கும் பகுதியில் கோடு சரிந்தால் அந்த விவரிப்பு போதவில்லை என்று பொருள். அந்தப் பகுதியை மட்டும் மீண்டும் பதிவு செய்து, அதே அத்தியாயத்தில் ஒலிக்கோப்பை மாற்றிவிடலாம்.