ரெப்போ ஏறும்போது மாதத் தவணைக்குள் என்ன நடக்கிறது?

"ரிசர்வ் வங்கி வட்டியை ஏற்றினால் தக்காளி விலை எப்படி இறங்கும்?" என்று வாசகி ஒருவர் கேட்டிருந்தார். தக்காளிக்குப் பிறகு வருகிறேன். முதலில் அந்த வட்டி நம் வீட்டுக்குள் நுழையும் வழியைப் பார்த்துவிடலாம்.

அரசுக் கடன் பத்திரங்களை ஈடாகப் பெற்றுக்கொண்டு வங்கிகளுக்கு ரிசர்வ் வங்கி தரும் குறுகிய காலக் கடனுக்கான வட்டிதான் ரெப்போ. 2022 மே மாதத் தொடக்கத்தில் 4 சதவீதமாக இருந்தது, ஆறு முறை ஏறி 2023 பிப்ரவரியில் 6.5 ஆனது. 2019 அக்டோபர் முதல் வங்கிகள் தரும் மாறும் வட்டி வீட்டுக் கடன்கள் ரெப்போ போன்ற வெளி அளவுகோலோடு பிணைக்கப்பட்டிருக்கின்றன. அதனால் மூன்று மாதத்துக்குள் ஏற்றம் கடன்காரர் கணக்குக்கு வந்துவிடும்.

2022 ஏப்ரலில் ஒருவர் 30 லட்சம் ரூபாயை 6.5 சதவீத வட்டிக்கு, 20 ஆண்டுகளுக்கு வாங்கினார் என்று வைத்துக்கொள்வோம். தவணை ரூ.22,367. முதல் மாதத்தில் அதில் ரூ.16,250 வட்டிக்கே போய்விடும், ரூ.6,117 மட்டும் அசலில் கழியும். வட்டி 9 சதவீதமானால், 30 லட்சத்துக்கு ஒரு மாத வட்டி மட்டும் ரூ.22,500. பழைய தவணை வட்டிக்கே போதாது! அசல் குறைவதற்குப் பதில் வளரத் தொடங்கும். ஏற்றம் படிப்படியாக வந்ததாலும், இடையில் அசல் கொஞ்சம் கழிந்ததாலும் நிஜத்தில் நிலைமை சற்று மேல். ஆனாலும் விளிம்புதான்.

இங்கே இரண்டு வழிகள் பிரிகின்றன. தவணையை ஏறக்குறைய ரூ.27,000 ஆக்கினால், மாதம் ரூ.4,600 குடும்பச் செலவிலிருந்து போகும். புது ஃபிரிட்ஜ் தள்ளிப்போகும். கடைக்காரர் சரக்கு குறைவாக எடுப்பார். விலையை ஏற்றத் தயங்குவார். ரிசர்வ் வங்கி எதிர்பார்ப்பது இதைத்தான். தவணையைத் தொடாமல் கடன் காலத்தை நீட்டினால், குடும்பம் பழையபடியே செலவழிக்கும். வட்டி ஏற்றம் கடைத்தெருவுக்கு வந்து சேராது. அதன் சுமை கடன்காரரின் ஓய்வுக்காலத்துக்குத் தள்ளிவைக்கப்படும்.

கேட்காமலே காலத்தை நீட்டுவது தவறு என்பது என் உறுதியான கருத்து. தவணையை உயர்த்துவதா, காலத்தை நீட்டுவதா என்று தேர்ந்தெடுக்கும் வாய்ப்பைக் கடன்காரருக்குத் தர வேண்டும், நீட்டிப்பால் அசல் வளரக் கூடாது என்று 2023 ஆகஸ்டில் ரிசர்வ் வங்கியே வங்கிகளுக்கு உத்தரவிட்டது. உங்கள் கடன் அறிக்கையில் 'அசல்' பத்தியைப் பாருங்கள். மாதாமாதம் சில நூறு ரூபாய்தான் கழிகிறது என்றால், காலம் நீண்டிருக்கக்கூடும்.

இனி தக்காளி. 2023 ஜூலையில் காய்கறி விலை தாறுமாறாக ஏறி, சில்லறைப் பணவீக்கம் 7.44 சதவீதத்தைத் தொட்டது. மழையில் அழிந்த தோட்டத்தை வட்டியால் மீட்க முடியாது. ரெப்போவை ரிசர்வ் வங்கி 6.5-லேயே விட்டது. புது அறுவடை சந்தைக்கு வந்ததும் விலை தானாக இறங்கியது.