மாகாணி: அங்குலத்தின் பதினாறில் ஒரு பங்கு

ஓர் அங்குலத்துக்கு எட்டு நூல் என்பது தச்சர் கணக்கு. டேப்பில் அதையும் பாதியாக்கும் சின்னக் கோடு அரை நூல், அதாவது 1/16 அங்குலம். இதற்குத் தமிழில் பழைய பெயர் ஒன்று உண்டு: மாகாணி. மா என்பது 1/20, காணி என்பது 1/80. இரண்டையும் கூட்டினால் 5/80, அதாவது 1/16. பெயருக்குள்ளேயே கூட்டல் கணக்கு இருக்கிறது. வீசம் என்றாலும் இதே அளவுதான். பட்டறையில் நான் அரை நூல் என்றே சொல்வேன். எழுதும்போது மாகாணி எனக்குப் பிடிக்கும்.

கணினியில் வரைந்த அலமாரிக்கு அறுப்புப் பட்டியல் எடுத்தால் அளவுகள் தசமத்தில் வந்து நிற்கும். 7.28 அங்குலம் என்று டேப்பில் எங்கே தேடுவது? புள்ளிக்குப் பின்னுள்ளதை மட்டும் 16ஆல் பெருக்க வேண்டும்: 0.28 × 16 = 4.48. அருகிலுள்ள முழு எண் 4. ஆக 4 மாகாணி, சுருக்கினால் கால். பலகை ஏழே கால் அங்குலம். பெருக்கி வந்தது 15.5 அல்லது அதற்கு மேல் என்றால் அடுத்த முழு அங்குலத்துக்குப் போய்விட வேண்டும். இப்படி முழுமையாக்கினால் பிழை 1/32 அங்குலத்தைத் தாண்டாது, ஏறத்தாழ 0.8 மி.மீ.

எக்செலில் கலத்தைப் பொதுவான பின்ன வடிவத்துக்கு மாற்றினால் இதே 7.28 ஏழும் 2/7உம் ஆகிவிடும். ஏழில் இரண்டுக்கு எந்த டேப்பிலும் கோடு கிடையாது. வடிவத்தை இப்படிக் கொடுக்க வேண்டும்:

```
# ??/16
```

இப்போது 7 4/16 என்று வரும். ஆனால் மாறியது தோற்றம்தான். கலத்துக்குள் இருப்பது அதே 7.28. ஒரு புத்தக அலமாரியின் பின்பக்கத்துக்கு இப்படி நான்கு பலகைகளைப் பக்கம் பக்கமாக வைக்கக் கணக்கிட்டேன். மொத்தக் கலம் 29 2/16 என்றது. நான்கு ஏழே காலைக் கூட்டினால் 29தான்! பலகைகளை அடுக்கிப் பார்த்த பிறகே ஓரத்தில் ஒரு நூல் சந்து தெரிந்தது. ஒவ்வொரு பலகையிலும் கீழே தள்ளிய 0.03 அங்குலம், நான்கு பலகைக்கு 0.12 ஆகச் சேர்ந்திருந்தது.

அதனால் இப்போது கலத்தின் மதிப்பையே மாற்றிவிடுகிறேன்:

```
=MROUND(A2,1/16)
```

இந்த விடைகளைக் கூட்டினால் வருவது 29. மொத்தத்தைத் தனியாக மாற்றினால் வருவது 29 1/8. இரண்டும் ஒவ்வாதது அறுக்கும் முன்பே கண்ணில் படுகிறது. குறைகிற இரண்டு மாகாணியை இரண்டு பலகைகளுக்குப் பகிர்ந்தேன்: இரண்டு ஏழே கால், இரண்டு ஏழே காலே மாகாணி, அதாவது 7 5/16. அறுப்பவரிடம் அதையே "ஏழு இஞ்சு இரண்டரை நூல்" என்றால் போதும், கோடு போட்டுவிடுவார்.