கவுன்சலருடன் முதல் ஐம்பது நிமிடம்

மனநல ஆலோசனை தரும் கவுன்சலரின் எண்ணை செல்போனில் சேமித்து வைத்துவிட்டு மாதக்கணக்கில் அழைக்காமல் இருப்பவர்கள் ஏராளம். அழைக்க நினைக்கும்போது நெஞ்சு படபடக்கும். ‘அடுத்த வாரம் பார்த்துக்கொள்ளலாம்’ என்று முடிவெடுத்ததும் படபடப்பு சட்டென்று அடங்கிவிடும். சிக்கலே அந்த நிம்மதியில்தான் இருக்கிறது. தள்ளிப்போட்டால் பதற்றம் குறைகிறது என்று மூளை கற்றுக்கொண்டுவிடுவதால், அடுத்த முறையும் அதையே செய்யச் சொல்கிறது. நடத்தை உளவியலில் இதை எதிர்மறை வலுவூட்டல் என்பார்கள். இதைச் சோம்பேறித்தனம் என்று திட்டிக்கொள்வதில் அர்த்தமில்லை.

பயம் போனபின் அழைக்கலாம் என்று காத்திருந்தால் அந்த நாள் வராது. செய்ய வேண்டியதைச் சிறிதாக்குவதுதான் வழி. பேச வாய் வராவிட்டால் குறுஞ்செய்தி போதும்: “இரண்டு மாதமாகச் சரியான தூக்கமில்லை, வேலையில் கவனம் நிற்கவில்லை. முதல் சந்திப்புக்கு எப்போது வரலாம்? கட்டணம் எவ்வளவு? இதில் உங்களுடைய பயிற்சி என்ன?” இதற்கு மேல் வேண்டாம். முழுக் கதையையும் எழுத உட்காருகிறவர்கள்தான் பெரும்பாலும் பாதியில் அழித்துவிடுகிறார்கள். உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் இப்போதே துரத்துகிறது என்றால் மட்டும் சந்திப்பு நாளுக்குக் காத்திருக்கக் கூடாது. அது அவசர சிகிச்சைக்கு உரியது.

ஒரு சந்திப்பு வழக்கமாக 45 முதல் 50 நிமிடம். மனதில் உள்ளதையெல்லாம் அன்றே கொட்டித் தீர்க்க வேண்டியிருக்கும் என்று பலர் நினைத்துக்கொண்டு போகிறார்கள். உண்மையில் முதல் நாளில் பாதி நேரம் தகவல் சேகரிப்பிலேயே போய்விடும். முதலில் ரகசியம் பற்றிய பேச்சு வரும். சொல்வது அறையைத் தாண்டாது, ஆனால் விதிவிலக்குகள் உண்டு: உங்கள் உயிருக்கோ பிறர் உயிருக்கோ உடனடி ஆபத்து, குழந்தை வதை, நீதிமன்ற உத்தரவு. விவரங்கள் நாட்டுக்கு நாடு மாறும் என்பதால், குறிப்புகளை யார் பார்ப்பார்கள் என்று நேராகவே கேட்டுவிடுங்கள். ‘சாக வேண்டும் போலிருக்கிறது’ என்று சொன்னாலே வீட்டுக்குத் தகவல் போய்விடும் என்ற பயமும் பரவலானது. எண்ணம் வருவது வேறு, திட்டம் இருப்பது வேறு. திட்டம் உண்டா, அதற்கான பொருள் கைவசம் இருக்கிறதா, எப்போது என்றெல்லாம் கேட்டுத்தான் ஆபத்தை எடைபோடுவார்கள்.

சில இடங்களில் ஒரு தாளை நீட்டுவார்கள். மனச்சோர்வை அளக்கும் பி.எச்.க்யூ-9 படிவம் அதில் ஒன்று. கடந்த இரண்டு வாரத்தைப் பற்றி ஒன்பது கேள்விகள்; ‘இல்லவே இல்லை’ என்றால் 0, ‘ஏறக்குறைய தினமும்’ என்றால் 3. ஒருவர் இப்படி நிரப்பினார் என்று வைத்துக்கொள்வோம்: ஆர்வமின்மை 2, மனம் சோர்தல் 2, தூக்கம் 3, களைப்பு 2, பசி 1, தன்மேல் வெறுப்பு 2, கவனம் 2, அசைவில் மந்தம் அல்லது நிலைகொள்ளாமை 0, தற்கொலை அல்லது தன்னைக் காயப்படுத்தும் எண்ணம் 0. மொத்தம் 14. பத்து முதல் பதினான்கு வரை நடுத்தரச் சோர்வு. இது நோய்க்கான முத்திரை அல்ல. தைராய்டு குறைபாடுகூட இதே களைப்பைத் தரும். பின்னால் ஒப்பிட்டுப் பார்க்க ஓர் ஆரம்பப் புள்ளி கிடைத்திருக்கிறது, அவ்வளவுதான். படிவத்தில் நல்ல பிள்ளையாகக் குறைத்துப் போட்டுவிட்டால் அந்தப் புள்ளியே தப்பாகிவிடும்.

அன்று மாலை மனம் லேசாகவும் இருக்கலாம், பிழிந்து போட்டது போலவும் இருக்கலாம். இத்தனை நாள் தொடாமல் வைத்திருந்ததைத் தொட்டிருக்கிறீர்கள் அல்லவா? ‘போனதால்தான் மோசமாகிவிட்டது’ என்று முடிவுகட்டி நின்றுவிடுவது இந்த இடத்தில்தான். சந்திப்பு முடிந்த கையோடு முக்கியமான வேலை எதையும் வைத்துக்கொள்ளாதீர்கள். ஆனால் அந்தக் கனம் நாள்கணக்கில் நீடித்து அன்றாட வேலையையே முடக்கினால், அடுத்த சந்திப்பில் முதல் பேச்சாக அதைச் சொல்ல வேண்டும். வேகத்தைக் குறைப்பது கவுன்சலரின் பொறுப்பு.

“மூன்று தடவை போனேன், ஒரு யோசனைகூடச் சொல்லவில்லை” என்பது அடிக்கடி கேட்கும் குறை. அதில் நியாயமும் இருக்கலாம். எட்வர்ட் போர்டின் என்ற உளவியலாளர் 1979இல் கவுன்சலருக்கும் வருபவருக்கும் உள்ள உறவை மூன்றாகப் பிரித்தார்: எதை நோக்கிப் போகிறோம் என்பதில் உடன்பாடு, எப்படிப் போகிறோம் என்பதில் உடன்பாடு, இருவருக்கும் இடையிலான பிணைப்பு. மூன்றாவது, நான்காவது சந்திப்பு வாக்கில் இவற்றைச் சோதித்துப் பார்க்கலாம். மேலே படிவம் நிரப்பியவருக்குத் தூக்கம்தான் உடனடிப் பிரச்சினை என்று வைத்துக்கொள்வோம். கவுன்சலரோ பால்யத்தை விட்டு நகரவில்லை. பிணைப்பு நன்றாக இருந்தும் இலக்கில் உடன்பாடு இல்லை. “எனக்கு முதலில் தூக்கம் சரியாக வேண்டும். நாம் பேசுவது அதற்கு எப்படி உதவும்?” என்று அவர் கேட்க வேண்டும். நல்ல கவுன்சலர் காரணத்தை விளக்குவார் அல்லது பாதையை மாற்றுவார். கேள்வி கேட்டதற்கே முகம் சுளித்தால் வேறொருவரிடம் போகலாம். நீங்கள் எழுத்தில் சம்மதித்தால், பழைய குறிப்புகளைப் புதியவருக்கு அனுப்பச் சொல்லிக் கேட்கலாம்.