சனிக்கிழமை 5 மணிக்கு எல்லோரும் ‘சரிங்க’ என்றார்கள்

திருப்பூரில் பனியன் கம்பெனிகளின் நிர்வாக வேலையில் பல வருடங்களாக இருக்கிறேன். வாராந்திர மீட்டிங்கை வேறு நேரத்துக்கு மாற்றுவது ஐந்து நிமிட வேலை என்று நானும் ஒரு காலத்தில் நினைத்தவன்தான். ஒரு ஏற்றுமதி கம்பெனியில் அந்த நினைப்பு எனக்குப் போய்விட்டது.

அங்கே வாரத் திட்ட மீட்டிங் திங்கள் காலை 10 மணிக்கு நடந்துகொண்டிருந்தது. முதலாளியும் நானும் சேர்த்து ஒன்பது பேர். பனியன் தொழிலில் திங்கள் காலை எப்படி இருக்கும் என்று தெரிந்தவர்களுக்குத் தெரியும். ஞாயிறு ஊருக்குப் போனவர்களில் யார் திரும்பி வந்திருக்கிறார்கள், எந்த பவர் டேபிள் தையல் மெஷின் காலியாகக் கிடக்கிறது, யாரை எங்கே மாற்றி உட்கார வைப்பது என்றே ப்ரொடக்‌ஷன் மேனேஜருக்கு மதியம் ஆகிவிடும். அவர் இல்லாமல் உற்பத்தியைப் பற்றிப் பேசி என்ன ஆகப் போகிறது? நேரத்தை மாற்றியாக வேண்டும்.

வாட்ஸ்அப் குழுவில் மூன்று நேரங்களைக் கொடுத்து ஓட்டெடுப்பு வைத்தேன். முதல் ஓட்டு முதலாளியுடையது: சனிக்கிழமை மாலை 5. அதற்குப் பிறகு வந்தவர்கள் கண்ணில் முதலில் பட்டது அவர் பெயர்தான். பத்து நிமிடத்தில் ஏழு பேர் சனி 5 மணிக்கே போட்டுவிட்டார்கள். கட்டிங் மாஸ்டரும் போட்டார், கீழே ‘சரிங்க’ என்றும் எழுதினார். எவ்வளவு சுலபமாக முடிந்தது என்று நான் சந்தோஷப்பட்டேன்.

முதல் சனிக்கிழமை மாஸ்டர் அரை மணி நேரம் தாமதமாக வந்தார். அடுத்த வாரம் உதவியாளரை அனுப்பினார். மூன்றாவது வாரமும் உதவியாளர்தான். அன்று ஒரு ஆர்டருக்கான சிங்கிள் ஜெர்சி துணி ஞாயிறு மாலை டையிங்கிலிருந்து வரும், திங்கள் காலையே வெட்டிவிடலாம் என்று முடிவு செய்தோம். உதவியாளரும் ‘சரிங்க’ என்றார். திங்கள் காலை துணியைப் பார்த்த மாஸ்டர் வெட்ட மறுத்துவிட்டார். இழுவையில் வந்த நிட் துணியைப் பிரித்துப் போட்டு ஒரு நாளாவது ஓய்வு கொடுக்க வேண்டும். அப்படியே வெட்டினால் பின்னால் துண்டுகள் சுருங்கி அளவு மாறிவிடும். அவர் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. ஆனால் அந்தத் துணியை நம்பி வைத்திருந்த லைன் அன்று அரை நாள் சும்மா நின்றது.

அவரிடம் தனியாகக் கேட்டேன். “சனிக்கெழம சாயங்காலம் பசங்களுக்குச் சம்பளம் போடோணுமுங்க. பீஸ் கணக்கு நாந்தான் பாக்கோணும். அத உட்டுப்போட்டு எப்புடீங்க வர்றது?” என்றார். முன்பே சொல்லியிருக்கலாமே என்றேன். “மொதலாளியே போட்டுட்டாரு, அப்புறம் நான் என்னத்தைங்க சொல்றது?”

வாரச் சம்பளம் சனிக்கிழமை என்பது எனக்குத் தெரியாத விஷயமா? தெரியும். ஓட்டெடுப்பு வைக்கும்போது நினைவுக்கு வரவில்லை, அவ்வளவுதான். நம் பக்கத்தில் ‘சரிங்க’ என்ற சொல்லுக்குக் காதில் விழுந்தது, உங்கள் இஷ்டம், எனக்கும் சம்மதம் என்று மூன்று அர்த்தமும் உண்டு. எழுத்தில் மூன்றும் ஒன்றுபோலவே இருக்கும். நேரில் கேட்டால் கண்டுபிடிக்கலாம். சம்மதிக்கிறவர் உடனே அடுத்த கேள்வி கேட்பார்: ‘எவ்வளவு நேரமுங்க? ரிப்போர்ட் கொண்டாரணுமா?’ என்பார். வெறும் ‘சரிங்க’ என்று சொல்லிவிட்டுக் கையில் இருக்கும் வேலைக்குத் திரும்புகிறவர் பெரும்பாலும் சம்மதிக்கவில்லை.

இரண்டாவது தடவை குழுவில் எதுவும் போடவில்லை. முதலில் முதலாளியிடம் போய், உங்களால் முடியவே முடியாத நேரங்களை மட்டும் எனக்குச் சொல்லுங்கள், பிடித்த நேரத்தை யாரிடமும் சொல்லாதீர்கள் என்று கேட்டுக்கொண்டேன். சிரித்துக்கொண்டே ஒத்துக்கொண்டார். பிறகு ஒவ்வொருவரையும் அவரவர் வேலை செய்யும் இடத்தில் போய்ப் பார்த்தேன். எந்த நேரம் வசதி என்று கேட்கவில்லை. எந்த நேரம் முடியவே முடியாது, அப்போது என்ன வேலை நடக்கும் என்று கேட்டேன். வசதி என்று கேட்டால் ‘உங்க சௌகரியமுங்க’ என்பதுதான் பதில். வேலையைப் பற்றிக் கேட்டால் தயக்கமே இல்லாமல் சொல்கிறார்கள்.

கிடைத்ததைத் தாளில் எழுதியபோது வாரம் தானாகச் சுருங்கிவிட்டது. திங்கள் முழுக்க ப்ரொடக்‌ஷனுக்கு ஆகாது. சனி சம்பளம். வெள்ளி பேக்கிங்கில் லோடு ஏற்றும் நாள். டையிங் வேலையைப் பார்க்கிறவர் காலையில் யூனிட் யூனிட்டாகப் போய்விட்டு 11 மணிக்குத்தான் திரும்புவார். மாலை 5:30க்குக் கம்பெனி வண்டி கிளம்பிவிடும், செக்கிங் அக்கா அதில்தான் அவிநாசி போக வேண்டும்.

மெர்ச்சண்டைசர் விஷயம்தான் கொஞ்சம் நுணுக்கம். அவருடைய ஜெர்மனி பையர் அங்கே காலை 9 மணிக்குக் கூப்பிட ஆரம்பிப்பார். குளிர்காலத்தில் அது நமக்கு 1:30. அங்கே மார்ச் கடைசி ஞாயிறு கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளிவிடுவார்கள். அதிலிருந்து அக்டோபர் கடைசி ஞாயிறு வரை அதே அழைப்பு நமக்கு 12:30க்கே வந்துவிடும். நான் கேட்டது ஜனவரியில். அவரும் ‘ஒன்றரைக்கு மேலே முடியாதுங்க’ என்றுதான் சொன்னார். அதை நம்பி 12:30க்கு வைத்திருந்தால் ஏப்ரலில் அவர் ஃபோனோடு எழுந்து வெளியே போயிருப்பார், ஏன் என்று நமக்கும் புரிந்திருக்காது. வெளிநாட்டு அழைப்பு உள்ளவர்களிடம் கோடைக் கணக்கையும் சேர்த்துக் கேட்டுவிடுங்கள்.

மிஞ்சியது செவ்வாய், புதன், வியாழன் 11:30 முதல் 12:15 வரை. வாரத் திட்டம் என்பதால் முதலில் வரும் செவ்வாயை எடுத்துக்கொண்டேன். அதிலும் ஒருவருக்கு இடித்தது. சேம்பிள் பார்க்கும் அம்மாவுக்குச் செவ்வாய் மதியம் 2 மணிக்குக் கூரியர், காலை முழுக்க ஓட்டம். அவரைச் சமாதானப்படுத்த நான் முயலவில்லை. என்ன செய்தால் முடியும் என்று கேட்டேன். “என்னோட விஷயத்த மொதல்ல எடுங்க, பதினஞ்சு நிமிஷத்துல என்னை உட்டுருங்க” என்றார். அதை எல்லோர் முன்னாலும் சொல்லி, நிகழ்ச்சி நிரலின் முதல் வரியாக எழுதியும் வைத்தேன். எழுதாமல் விட்டிருந்தால் மூன்றாவது வாரமே மறந்திருப்போம்.

அப்புறம்தான் குழுவில் போட்டேன். நான்கு வாரம் மட்டும் பார்ப்போம், ஐந்தாவது செவ்வாய் கடைசி ஐந்து நிமிடத்தில் வைத்துக்கொள்வதா மாற்றுவதா என்று பேசுவோம் என்று எழுதினேன். அந்த நான்கு வாரமும் இரண்டே விஷயத்தைக் குறித்து வைத்தேன்: யார் ஐந்து நிமிடத்துக்கு மேல் தாமதம், யார் பாதியில் எழுந்து போகிறார்கள். மாஸ்டர் ஒரு நாளும் உதவியாளரை அனுப்பவில்லை. டையிங்காரர் இரண்டு தடவை தாமதம். அவருக்காக மட்டும் அவர் பகுதியைக் கடைசிக்குத் தள்ளினோம்.

கூகிள் காலண்டரில் மாற்றும்போது ஒரு கவனம். புது நேரத்தைச் சேமிக்கும்போது கேட்கிற கேள்விக்கு `All events` கொடுத்தால் நடந்து முடிந்த மீட்டிங்குகளும் சேர்ந்து நகர்ந்துவிடக்கூடும். என்றைக்கு என்ன முடிவெடுத்தோம் என்று பின்னால் தேடும்போது குழப்பம். மாற்றம் தொடங்கும் வாரத்தைத் திறந்து `This and following events` கொடுப்பதே பாதுகாப்பு.

இவ்வளவு பார்த்துப் பார்த்துச் செய்தும் ஒருவரை விட்டுவிட்டேன். புது நேரம் தொடங்கிய பிறகும் இரண்டு வாரம், சனிக்கிழமை மாலை 5 மணிக்கு டீக்காரர் ஒன்பது டம்ளரோடு காலி அறையின் முன்னால் வந்து நின்றிருக்கிறார். “ஏனுங்க, மீட்டிங்கு மாத்துனீங்கன்னா எங்கிட்டயும் ஒரு வார்த்தை சொல்லக்கூடாதுங்களா?”